எனக்கு 14 நாள் வேண்டும்

மே 27

அம்மாவின் வலது முழங்காலுக்கு ஜூன் 23 அன்று மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. தேதி இன்று கிடைத்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைத்துவிடுவார்களாம். ஆனால் தையல் பிரிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதுவரை ராத்திரியில் எழுந்திருக்கத் துணை வேண்டும். திண்டுக்கல் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"உனக்கு லீவு குடுப்பாங்களாடி?" என்று போனில் கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் ஒப்பந்தத்தில் கணக்குப் பார்க்கிறேன். மாதம் 39,000 ரூபாய், அதில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மிச்சம். பிஎஃப் கிடையாது, போனஸ் கிடையாது, சம்பளத்தோடு கூடிய விடுப்பும் கிடையாது. அம்மாவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

மே 28

ராத்திரி ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படித்தேன். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு இப்படி வரிவரியாகப் படிக்க வேலை வந்ததில்லை.

ஆறாவது பிரிவு: ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மிகாமல் நான் பணியிலிருந்து விலகியிருக்கலாம். 21 நாள் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நாட்களுக்கான கட்டணம் விகிதப்படி குறையும். ஏழு: கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எனக்குப் பதில் வேறு ஆளை வைக்கக் கூடாது. பதினொன்று: என்னால் தாமதமாகும் தாக்கல்களுக்கான அபராதமும் வட்டியும் என் கட்டணத்தில் கழிக்கப்படும். பதினான்கு: இரு தரப்பில் யாரும் 30 நாள் அறிவிப்பில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆறையும் ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரிந்தது. ஏழில் சம்மதம் என்று இருக்கிறது. ஆறில் அது இல்லை, அறிவிக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. நாள் கணக்குக்குள் நின்று, முறையாக அறிவித்தால் போதும். யாரும் அனுமதிக்க வேண்டியதில்லை.

அடுத்தது எந்த 14 நாள் என்பது. என் மாதத்தை நாலு தேதிகள் கட்டிப்போட்டிருக்கின்றன. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி. 20 முடிந்தால் அடுத்த 7 வரை பெரிய கெடு எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை 23 என்பது அந்த இடைவெளியில் சரியாக விழுகிறது. ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை என்று முடிவு செய்தேன். 21 நாள் முன்பு என்றால் மே 31 கடைசி. அன்றுவரை காத்திருந்தால், அறிவித்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒரு வாதம் கிளம்பும். இன்றே, ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கென்று குறித்திருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பிவிட்டேன்:

"ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவின்படி, ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை 14 நாட்கள் நான் பணியில் இருக்க மாட்டேன் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். மே மாத ஜிஎஸ்டிஆர்-3பி ஜூன் 20-க்குள் முடிந்துவிடும். ஜூன் மாத டிடிஎஸ் தொகையை ஜூலை 7-க்குள் நானே கட்டுவேன். அன்றாட வேலைகளுக்கான ஏற்பாட்டை ஜூன் 15-க்குள் எழுதித் தருகிறேன். கிடைத்ததற்கு ஒரு வரி பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பற்றி இதில் எழுதவில்லை. அதை முதலாளியிடம் நேரில் சொல்ல வேண்டும்.

மே 29

முதலாளியிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க அம்மிணி, அம்மாவப் பாக்கறதுதானுங்க முக்கியம்" என்றார். மனசு லேசாகிவிட்டது.

மத்தியானம் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கூப்பிட்டார். "லீவ் லெட்டர் வந்துச்சுங்க. நான் அப்ரூவ் பண்ணினாத்தான் போக முடியும்." ஆறாவது பிரிவைப் பாருங்கள் சார் என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். எனக்குப் பதினான்காவது பிரிவு ஞாபகம் வந்தது. ஆறின்படி நான் போகலாம்; போய் வந்ததும் பதினான்கின்படி அவர்கள் என்னை அனுப்பலாம். இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கின்றன.

ஜூன் 3

பதில் வந்துவிட்டது. கூடவே ஒரு கணக்கும்: 39,000-ஐ 26-ஆல் வகுத்து நாளுக்கு 1,500, 14 நாளுக்கு 21,000 பிடித்தம்.

பணிக்கொடைக் கணக்கில் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுப்பது வழக்கம். ஞாயிறு நீக்கி மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கு அது. மேனேஜருக்குக் கை அங்கேதான் போகும், தப்பு சொல்ல முடியாது. ஆனால் 26-ஆல் வகுத்தால் விலகியிருக்கும் நாட்களையும் ஞாயிறு நீக்கித்தான் எண்ண வேண்டும். எந்த 14 நாளிலும் இரண்டு ஞாயிறு வரும்; மிச்சம் 12 நாள், 12 × 1,500 = 18,000. காலண்டர் நாளாக எண்ணினால் 39,000-ஐ 30-ஆல் வகுத்து நாளுக்கு 1,300; 14 × 1,300 = 18,200. இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான். வகுப்பதை ஒரு கணக்கிலும் பெருக்குவதை இன்னொரு கணக்கிலும் செய்யும்போதுதான் 21,000 வருகிறது.

ஒப்பந்தத்தில் "விகிதப்படி" என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 30 நாள் கணக்கே எனக்குச் சம்மதம் என்று அனுப்பினேன். அதில் எனக்கு 200 ரூபாய் கூடுதலாகவே போகிறது. ஆனால் மேனேஜர் சட்டென்று ஒத்துக்கொள்ள அதுதான் வசதி. சாயந்திரம் "ஓகே, 18,200" என்று எழுத்தில் வந்தது.

ஜூன் 9

அம்மா சர்க்கரை பார்த்துக்கொண்டாள். கட்டுக்குள் இருக்கிறது.

ஜூன் 12

எல்லாரும் தாக்கல் தேதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் இல்லாவிட்டால் முதலில் நிற்கப்போவது இ-வே பில். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டிய சரக்கு இ-வே பில் இல்லாமல் மாநில எல்லை தாண்ட முடியாது. எங்களுக்குக் கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் பெட்டி போகாத நாள் குறைவு.

அந்தத் தளத்தில் டிஸ்பேட்ச் தம்பியைத் துணைப் பயனராகச் சேர்த்து, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். இன்வாய்ஸ் எண், பின்கோடு எல்லாம் சரியாக அடித்தான். லாரி ஆபீஸின் 15 எழுத்து அடையாள எண்ணில் பூஜ்யம் வரும் இடத்தில் ஆங்கில ஓ எழுத்தை அடித்துவிட்டு நின்றான். "அக்கா, இது எடுக்க மாட்டேங்குது." சேமித்துவிட்ட பில்லில் சரக்கு விவரத்தைத் திருத்த முடியாது, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்ததை அவனே போட்டான். வெளியே வண்டிக்காரர் காத்திருந்தார். பிரிண்டைக் கொண்டுபோய்த் தம்பியே கொடுத்துவிட்டு வந்தான்.

ஜூன் 17

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. அது சரியாகாமல் மூட்டு வைக்க மாட்டார்களாம், கிருமி புது மூட்டில் போய் உட்கார்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேதி ஜூன் 30-க்குத் தள்ளிப்போனது.

அழுகையாக வந்தது. அம்மாவை நினைத்தா, தேதியை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 18

இப்போது வேண்டியது ஜூன் 28 முதல் ஜூலை 11 வரை. நாட்கள் அதே 14. மற்ற எல்லாமே மாறிவிட்டது. 21 நாள் அறிவிப்பு இல்லை. ஜூலை 7-உம் 11-உம் உள்ளே வந்துவிட்டன. ஆறாவது பிரிவு எனக்கு இனி உதவாது.

7-ஆம் தேதிதான் பயம். ஜூனில் பிடித்த டிடிஎஸ்ஸை ஜூலை 8-இல் கட்டினால் ஒரு நாள் வட்டி என்று நினைப்பார்கள். பிடித்த தேதியிலிருந்து, மாதத்தின் ஒரு பகுதியையும் முழு மாதமாக எண்ணி, மாதத்துக்கு 1.5 சதவீதம் போடுவார்கள். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று, ஆக 3 சதவீதம். 80,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தால் ஒரு நாள் தாமதத்துக்கு 2,400. அது பதினொன்றாவது பிரிவின்படி என் தலையில் விழும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 62-ஆம் பிரிவு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால். அதனால் இந்தத் தடவை எழுதியது விண்ணப்பம்:

"6-ஆம் பிரிவின்படி கொடுக்க வேண்டிய 21 நாள் அறிவிப்பை இம்முறை கொடுக்க இயலாத நிலை. என் தாயாரின் அறுவை சிகிச்சையை மருத்துவமனை ஜூன் 30-க்கு மாற்றியுள்ளது, கடிதம் இணைத்துள்ளேன். இந்த ஒரு தடவைக்கு மட்டும் அறிவிப்புக் காலத்தைத் தளர்த்தி, ஜூன் 28 முதல் ஜூலை 11 வரை விலகியிருக்க உங்கள் சம்மதத்தைக் கோருகிறேன். 7-ஆம் பிரிவின்படி, டிடிஎஸ், ஜிஎஸ்டிஆர்-1 இரண்டுக்கு மட்டும் எனக்குப் பதிலாக ஒருவரை அமர்த்தவும் சம்மதம் வேண்டும். அவருடைய ஊதியம் என் பொறுப்பு. கட்டணப் பிடித்தம் முன்பு ஒத்துக்கொண்ட 18,200-ஆகவே இருக்கட்டும்."

அவிநாசியில் இருக்கும் தோழிதான் அந்த ஒருவர். டிடிஎஸ் சலானுக்கு வேண்டிய பட்டியலை 27-ஆம் தேதி வரைக்கும் நானே முடித்துக் கொடுத்துவிடுவேன். கடைசி மூன்று நாள் பில்களை அவள் சேர்த்தால் போதும். ஜிஎஸ்டி ஓடிபி முதலாளியின் போனுக்கே வருவதால் அவருக்குத் தெரியாமல் எதையும் தாக்கல் செய்ய முடியாது.

ஜூன் 19

பதில் இல்லை.

ஜூன் 20

3பி தாக்கல் முடிந்தது. பதில் இல்லை. மேனேஜர் எதிரே வந்தும் முகம் பார்க்கவில்லை. முதலாளியிடம் போய் நின்று கேட்கலாம், அவர் சரி என்றுதான் சொல்வார். ஆனால் எனக்கு எழுத்தில் வேண்டும்.

ஜூன் 21

முதல் திட்டப்படி இன்று நான் திண்டுக்கல்லில் இருந்திருப்பேன்.

மாலை நாலரைக்கு மேனேஜரிடமிருந்து பதில். சம்மதம். தோழி ரகசியக் காப்பு உறுதியில் கையெழுத்துப் போட வேண்டும். பதினொன்றாவது பிரிவு அப்படியே இருக்கும். தோழி தாமதித்தாலும் பொறுப்பு எனக்கே. கடைசி வரி: "அம்மா நல்லபடியா எழுந்து நடக்கட்டும்ங்க." அந்த வரியைப் பலமுறை படித்தேன். இரண்டு நாளாக இவர்மேல் எவ்வளவு கோபமாக இருந்தேன்.

ஏற்கிறேன் என்று பதில் போட்டேன். இனி அந்த மூன்று மின்னஞ்சல்களும் ஒப்பந்தத்தோடு சேர்ந்தவை. அச்செடுத்து அதே ஃபைலில் வைத்தேன்.

ஜூன் 27

பட்டியல் தோழியிடம் போய்விட்டது. தம்பி இன்று இ-வே பில் எல்லாவற்றையும் என்னைக் கூப்பிடாமலே போட்டான். சனிக்கிழமைக் கூலிக் கணக்கு மேனேஜர் கையில். நாளை காலை பஸ்.

ஒப்பந்தம் செப்டம்பர் 30-உடன் முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புதுப்பித்தால் ஆறாவது பிரிவில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன்: பிடித்தம் 30 நாள் கணக்கில்; மருத்துவமனை தேதியை மாற்றினால் 21 நாளுக்குப் பதில் 7 நாள் அறிவிப்பு போதும்.