ஏமாற்று நாளும் உடப்பு விரதமும்

பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மறு ஆண்டில் எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. உணவு ஆலோசனை கூறியவர் ஒரு தாளின் நடுவே கோடிழுத்து, நல்லவை ஒரு பக்கமும் கெட்டவை மறுபக்கமுமாக எழுதிக் கொடுத்தார். இறால், தேங்காய்ப்பால், வட்டிலப்பம் ஆகியன கெட்டவை. சிவப்பரிசிச் சோறு, அவித்த கடலை, மரக்கறி ஆகியன நல்லவை. தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் இடையே, உடப்பில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு அந்தத் தாள் ஏறக்குறைய ஊரையே தள்ளிவைப்பது போலிருந்தது.

கொழும்பில் வேலை பார்க்கும் மருமகன் வழி சொன்னான்: "மாமா, ஆறு நாள் ஒழுங்காக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை சீட் டே." ஏமாற்று நாள்! யாரை ஏமாற்றுகிறோம் என்று அன்று நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் அவ்வாறே நடந்தேன். ஞாயிறு காலை சொதியுடன் பன்னிரண்டு இடியப்பம், மதியம் தேங்காய்ப்பாலில் சமைத்த இறால் கறியுடன் இரண்டு கோப்பைச் சோறு, மாலையில் வடை, இரவில் பிட்டு. பசித்து உண்டதல்ல, திங்கட்கிழமை கதவு மூடிவிடும் என்ற அவசரத்தில் உண்டது. சாதாரண நாட்களில் 120ஐ ஒட்டி நின்ற காலை வெறுவயிற்றுச் சீனி, திங்களன்று 165ஐத் தாண்டும்.

அதைவிடப் பாடம் புகட்டியது ஒரு புதன்கிழமை. புத்தளத்தில் பழைய முஸ்லிம் நண்பர் வீட்டில், பெருநாளை முன்னிட்டு ஒரு சிறு துண்டு வட்டிலப்பம் தந்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. அத்துடன் நின்றிருந்தால் பாதகமில்லை. ஆனால் "இன்றைய நாள் கெட்டுவிட்டது, நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் எழுந்தது. இன்னும் இரண்டு துண்டு உண்டேன். பேருந்து நிலையத்தில் ரோல்ஸ், வீட்டில் கொத்து ரொட்டி. முதல் துண்டால் அல்ல, அதற்கு நான் இட்ட பெயரால் வந்த வினை இது.

இதனை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1975இல் அமெரிக்காவில் ஹெர்மன், மாக் என்ற இருவர், சுவைப் பரிசோதனை என்று கூறி மாணவியருக்கு முதலில் மில்க் ஷேக்கும் பின்னர் ஐஸ்கிரீமும் கொடுத்தனர். உணவில் கட்டுப்பாடு பார்க்காதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்தபின் கூடுதலாக உண்டனர். வரம்பு உடைந்துவிட்டதென்ற நினைப்பே வாயைத் திறந்துவிட்டது. பின்னாளில் இதற்குச் சூட்டப்பட்ட ஆங்கிலப் பெயரின் பொருளும் ஏறத்தாழ "போனது போகட்டும்" என்பதுதான்.

"நல்லது" என்ற பட்டமும் என்னை வஞ்சித்தது. இறாலுக்கு அஞ்சிய நான் சிவப்பரிசிக்கு அஞ்சவில்லை. நல்லதுதானே என்று மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டேன். உண்மையில் இறாலில் கொலஸ்ட்ரோல் அதிகம், நிறைகொழுப்பு மிகக் குறைவு. சீனியை உயர்த்தும் மாப்பொருள் அநேகமாக இல்லை. என் சீனியை ஏற்றியது சோற்றின் அளவு. இறால் கறியில் நான் கவனிக்க வேண்டியிருந்தது இறாலை அல்ல, அது மிதந்த கட்டிப்பாலை.

தெளிவு தந்தவர் என் மூத்த அக்கா. திரௌபதை அம்மன் திருவிழாவின் 18 நாளும் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. தீமிதிப்பு முடிந்து மீன் சட்டி அடுப்பேறும் நாளில், அக்கா வழமைபோல் ஒரு துண்டுதான் உண்டார். "இத்தனை நாள் விட்டதற்குச் சேர்த்துச் சாப்பிடவில்லையா?" என்றேன்.

"மீன் கெட்டதென்று நான் விடவில்லையே தம்பி. அம்மனுக்காக விட்டேன். மீன் என்ன குற்றம் செய்தது?" என்றார்.

விரதத்தில் விலக்கப்படுவது இழிவானதன்று. ஆகவே திரும்பி வரும்போது அது திருட்டாகவும் வருவதில்லை. நான் ஞாயிறுதோறும் திருடினேன்.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, அளவையும் தடவையையும் எழுதத் தொடங்கினேன். காலையில் நான்கு இடியப்பம், பருப்பு, சிறிது சம்பல். வாரத்தில் இரு நாள், இரண்டாம் பாலில் சமைத்த இறாலுடன் ஒரு கோப்பைச் சோறு. பெருநாளுக்கு வட்டிலப்பம் ஒரு துண்டு. அன்றிரவு சோறு பாதி. மாத்திரையில் மாற்றமில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.6இலிருந்து 6.9க்கு இறங்கியது.

எல்லாம் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கருவாட்டின் உப்பு உப்புத்தான். இறால் ஒவ்வாதவருக்கு ஒரு துண்டும் ஆபத்துத்தான். அடிக்கடி கட்டுமீறி உண்டு, பின் பட்டினி கிடந்து ஈடுசெய்பவருக்கு வைத்தியரின் துணை வேண்டும். ஆனால் அவை அந்தந்த உடலைப் பற்றிய செய்திகள். உண்பவரின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னொரு கிழமை. இறால் வாங்கினால் அக்காவும் வருவார்.