பிரியாணி 9 மணிக்கு, மாத்திரை 11 மணிக்கு

மருந்துக்கடையில நிக்கிறது நமக்குத் தொழில், எழுதறது பொழுதுபோக்கு. தொழில் மேட்டரை இங்க எழுதறதில்லைன்னு ஒரு கொள்கை வெச்சிருந்தேன். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் புண்ணியத்துல இன்னிக்கு அது காத்துல போகுது மக்களே.

அண்ணனுக்கு வாரம் பூரா ஒரு தொந்தரவும் கிடையாது. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை நண்பர்களோட பிரியாணி. 9 மணிக்கு சாப்பிட்டு, 10 மணிக்குப் படுத்து, 11 மணிக்கு நெஞ்செரியுதுன்னு எழுந்து உக்காருவார். போன வருஷம் டாக்டர் எழுதிக் கொடுத்த பாண்டோப்ரசோல் 40 கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. அதுல ஒண்ணைப் போட்டுட்டு, அப்படியும் 1 மணி வரைக்கும் முழிச்சுக் கிடப்பார். போன திங்கக்கிழமை கடைக்கு வந்து, "தம்பி, இந்த மாத்திரை வேலைக்கு ஆகல, இதைவிட பவரா ஒண்ணு குடு"ன்னார்.

பவருக்கு அதுல குறைச்சலே இல்லை. போட்ட நேரம்தான் கோளாறு. பாண்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையறா எல்லாம் வயித்துல ஏற்கெனவே ஊறிக் கிடக்குற அமிலத்தைத் தொடவே தொடாது. இரைப்பைச் சுவர்ல அமிலத்தை இறைக்கிற நுண்ணிய பம்புகள் இருக்கு. அதுல ஓடிக்கிட்டு இருக்கிற பம்பை மட்டும்தான் இந்த மாத்திரை அடைக்கும். பம்பு முழு மூச்சா ஓடுறது சாப்பாடு உள்ள வரும்போது. மருந்தோ ரத்தத்துல ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் தங்கும். அதனாலதான் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடச் சொல்றாங்க. அப்பவும் முழுப்பலன் தெரிய மூணு நாலு நாள் ஆகும். தினமும் எரியறவங்களுக்கு டாக்டர் சில வாரம் தொடர்ந்து கொடுக்கிற மருந்து அது. மாசம் ரெண்டு பிரியாணிக்கு அது சரிப்படாது.

எரிச்சல் வந்த பிறகு உடனே அணைக்கணும்னா ஆன்டாசிட்தான். அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த, நமக்குத் தெரிஞ்ச அந்த ரோஸ் கலர் பாட்டில். நல்லா குலுக்கிட்டு 10 மில்லி. சில நிமிஷத்துல அமிலம் சமனாகும். ஆனா பம்பு ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதனால வெறும் வயித்துல அரை மணி, ஒரு மணி நேரத்துல பலன் போயிடும். சாப்பாடு உள்ள இருந்தா இன்னும் கொஞ்சம் நிக்கும். கிட்னி கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம இதைக் குடிக்கக் கூடாது. தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரை போடுறவங்க 4 மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லாட்டி அந்த மாத்திரை உடம்புல சேராது.

அண்ணனுக்கு நான் எடுத்து வெச்சது மூணாவது ஆசாமி, ஆல்ஜினேட் திரவம். பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கிறது (நம்ம மன்னார் வளைகுடாப் பக்கமும் இதுக்காகப் பாசி எடுக்கிறாங்க). வயிறு முட்டச் சாப்பிட்டா, புதுசா சுரக்கிற அமிலம் சோத்தோட கலக்காம மேலாப்புல, உணவுக்குழாய் வாசலுக்கு நேர் கீழ தேங்கி நிக்கும். 2001-ல கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து காட்டினாங்க. ஆல்ஜினேட் அமிலத்தைப் பார்த்ததும் ஜெல்லி மாதிரி உறையும். கூடவே இருக்கிற பைகார்பனேட் கிளப்புற வாயுக்குமிழி அதுல மாட்டிக்கிட்டு, மொத்தமும் நுரை மாதிரி மேல மிதந்து வாசலை மூடும். மிதக்கணும்னா கீழ சாப்பாடு இருக்கணும். வெறும் வயித்துல குடிச்சா சீக்கிரமே குடலுக்கு இறங்கிடும். அதனால அண்ணன் கணக்குக்கு 9 மணி பிரியாணி, 9.20க்கு 10 மில்லி. இதுல சோடியம் உண்டு, பிபி காரங்களும் இதய நோயாளிகளும் கேட்டுட்டு வாங்குங்க.

பாட்டிலைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, இது படுத்தா வருதா, மாடி ஏறினா வருதா?"

"படுத்தாத்தான் தம்பி. ஏன்?"

அவருக்கு 52 வயசு, சுகர் வேற. நடந்தா, படியேறினா வந்து, நின்னா அடங்குற நெஞ்செரிச்சல் இதயக் கோளாறா இருக்கலாம். வேர்த்துக் கொட்டி, தாடைக்கோ கைக்கோ வலி பரவினா உடனே ஆஸ்பத்திரி, ஈசிஜி. ஆன்டாசிட் குடிச்சதும் குறைஞ்சுதே, அப்ப வாயுதான்னு முடிவு பண்ணவும் முடியாது. மாரடைப்புலயும் அப்படிக் குறைஞ்ச மாதிரி தெரியறது உண்டு. சாப்பாடு தொண்டையில சிக்குறது, கருப்பா மலம் போறது, காரணமில்லாம எடை குறையறது, வாரத்துல ரெண்டு மூணு நாள் எரிச்சல், இதெல்லாமும் டாக்டர் பார்க்க வேண்டியது, கடைக்காரன் இல்லை.

அண்ணன் இந்தச் சனிக்கிழமை பாட்டிலைப் பட்டறைப் பையிலயே வெச்சுக்கிட்டுப் போனார். சாப்பிட்டதும் 10 மில்லி குடிச்சுட்டு, 12 மணி வரைக்கும் உக்காந்து டிவியில படம் பாத்தாராம். எரிச்சல் வரல. "மருந்தா, படமா தம்பி?"ன்னார். ரெண்டுந்தான்.

டிஸ்கி: ரானிடிடின் பத்தி கண்டிப்பா யாராவது கேப்பீங்க. அதுல என்டிஎம்ஏ-ங்கிற மாசு இருக்கிறது 2019-ல தெரிஞ்சுது, அமெரிக்காவுல 2020-ல விலக்கச் சொன்னாங்க, இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-ல எடுத்தாச்சு. அதே வேலையை ஃபமோடிடின் செய்யும். விருந்துக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டா ராத்திரி தாங்கும், ஆனா தினமும் போட்டா ரெண்டு வாரத்துல வீரியம் மங்கும். அதுக்கு டாக்டர் சீட்டோட வாங்க.