இரவல் இண்டெக்ஸ்

தேர்வில் தோற்றதற்கு அலுவலகத்தில் நான் சொன்ன காரணம், "நேரம் பத்தலை." பொய்யில்லை. ஏன் பத்தவில்லை என்பதைத்தான் மறைத்தேன்.

கணினிப் பாதுகாப்புத் துறையில் GCIH என்றொரு தேர்வு உண்டு. 106 கேள்விகள், 4 மணி நேரம். கேள்விக்கு இரண்டேகால் நிமிடம். பாடப்புத்தகங்களையும் அச்செடுத்த குறிப்புகளையும் கொண்டுபோகலாம், மடிக்கணினி கூடாது. எனவே எழுதுகிறவர்கள் எக்செல்லில் சொல், புத்தக எண், பக்கம், ஒரு வரி விளக்கம் என்று நான்கு பத்திகளில் இண்டெக்ஸ் தயாரித்து, அகரவரிசையில் அச்செடுத்துக்கொள்வார்கள். அதற்காகவே மேலாளரிடம் விடுப்பு வாங்கினேன். விடுப்பில் கிரிக்கெட் பார்த்தேன். இண்டெக்ஸை, முன்பே தேறிய நண்பரிடம் வாங்கிக்கொண்டேன்.

அவருடைய புத்தகம் பழைய பதிப்பு. மாதிரித் தேர்வு எழுதும்போதே பக்க எண்கள் தள்ளிப்போவது தெரிந்தது. முன்னே பின்னே புரட்டினால் கிடைத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கவிழ்த்தது பக்க எண் மட்டுமல்ல. Netcat என்ற கருவிக்கு எதிரே நண்பர் பக்க எண்களை வரிசையாக எழுதியிருந்தார், விளக்கப் பத்தி காலி. படித்தவர் அவர், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்கு வந்த கேள்வி இதுபோல: விண்டோஸில், இணைந்தவர் துண்டித்துப் போன பிறகும் Netcat அடுத்த இணைப்புக்காகக் காத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

```
nc -l -p 4444
nc -L -p 4444
```

முதலாவது ஒரு இணைப்போடு முடிந்துவிடும். இரண்டாவது, பெரிய எழுத்து L, மறுபடி காத்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதைத் தேடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். சில கேள்விகளை மட்டுமே தள்ளிவைக்கலாம், விடை கொடுத்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. இப்படியே நிமிடங்கள் போய், கடைசிக் கேள்விகளைப் படிக்காமலே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுமுறை இண்டெக்ஸை நானே எழுதினேன். Netcat ஒரே வரியாக இல்லாமல் "கோப்பு அனுப்ப", "இடையில் நின்று கடத்த", "துண்டித்தும் காத்திருக்க" என்று வேலைவாரியாகப் பிரிந்தது. கேள்வியில் கருவியின் பெயரே இல்லாமல் போகலாம் என்பதால், "துண்டித்தும் காத்திருக்க" என்பதைத் தனித் தலைப்பாகவும் போட்டேன். மாதிரித் தேர்வில் தேடிக் கிடைக்காத ஒவ்வொன்றும், தேடும்போது என் மனதில் வந்த சொல்லிலேயே புது வரியானது. தேறிவிட்டேன்.

இப்போது ஒரு ஜூனியர் என் இண்டெக்ஸைக் கேட்கிறான். பதிப்பு மாறிவிட்டது என்று சொல்லி, நான்கு பத்திகளின் தலைப்புகள் மட்டும் இருக்கும் காலித் தாளை அனுப்பினேன். கருமி என்று நினைத்திருப்பான். நான் முதல்முறை எப்படித் தோற்றேன் என்று அவனிடமும் சொல்லவில்லை.