சத்தம் இல்லாமல் பார்த்த அக்கா

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

பள்ளி ஆண்டு மலருக்காகப் பாம்புக்கடி பற்றி நான் எழுதிய கட்டுரை சிலருக்கு நினைவிருக்கலாம். நம் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையின் அப்பா, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்து இறந்துபோனார். காலில் கயிற்றை இறுக்கிக் கட்டி, மந்திரிப்பவரிடம் கொண்டுபோய், விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த வருத்தத்தில் எழுதியது அது. "டீச்சர், இப்போ யார் படிக்கிறாங்க? வீடியோவா போடுங்க" என்று பழைய மாணவன் ஒருவன் சொன்னான். கல்யாண வீடியோ எடுப்பவன் அவன். செயலியை போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "மிச்சத்தை நீங்களே பண்ணுங்க" என்று போய்விட்டான்.

கட்டுரையைச் சத்தமாக வாசித்து நேரம் பார்த்தேன். 900 சொல், ஒன்பது நிமிடம். போனில் ஒன்பது நிமிடம் யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 240 சொல்தான் இடம் பிடிக்கும். பாம்பு பற்றிய புராணக் கதை, என் அனுபவம் எல்லாவற்றையும் வெட்டினேன். கடித்தவுடன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது மட்டும் நின்றது. பாடக்குறிப்பு எழுதுவது போல நோட்டில் மூன்று கோடு போட்டுப் பிரித்தேன்: பேசுவது, தெரியும் படம், படத்தின் மேல் வரும் எழுத்து. அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

படம் தேடும்போதுதான் தலைவலி. இலவசமாகப் படக்காட்சிகள் கிடைக்கும் தளங்களில் snake bite என்று தேடினால் வாலை ஆட்டிச் சத்தம் போடும் அமெரிக்கப் பாம்பு வருகிறது. கையில் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு சிரிக்கும் வெள்ளைக்காரப் பையன் வருகிறான். krait என்று தேடினேன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஒரு பாம்பு வந்தது. அதுவும் விஷப்பாம்புதான், ஆனால் நம் வீட்டுக்குள் வரும் கட்டுவிரியன் அது இல்லை. நம்முடையது கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் உள்ளது. மஞ்சள் பட்டையைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டவர், வெள்ளைக் கோட்டுப் பாம்பை "இது வேற" என்று விட்டுவிட்டால்? கடைசியில் அறிவியல் பெயரான Bungarus caeruleus என்று போட்டு விக்கிமீடியா காமன்ஸில் தேடிய பிறகுதான் சரியான படம் கிடைத்தது. அங்கே பல படங்களுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. கடைசி அட்டையில் போட்டுவிட்டேன்.

"செய்யக் கூடாதவை" பகுதிக்குப் படம் சுலபமாகக் கிடைத்தது என்று நினைத்தேன். ஒருவர் காலில் துணியை முறுக்கிக் கட்டும் காட்சி, நல்ல தெளிவு. அதைப் போட்டு, "கயிற்றால் கட்டாதீர்கள்" என்று என் குரலில் பேசி, கீழே எழுத்தும் ஓடவிட்டேன். முடித்ததும் முதலில் ஊரில் இருக்கும் அக்காவுக்குத்தான் அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"நல்லா இருக்குடி. இறுக்கிக் கட்டணும்னு தெளிவா போட்டிருக்கே. நம்ம அப்பாவும் அப்படித்தானே செய்வார்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கட்டக் கூடாது என்று சொல்லத்தானே இந்தப் பாடே! பேரன் தூங்குகிறான் என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறாள். நானும் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது. செயலி வாக்கியத்தை அகலத்துக்கு ஏற்றபடி தானே இரண்டாக உடைத்திருக்கிறது. முதல் அட்டையில் "கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக்" என்று இருக்கிறது. அடுத்த அட்டையில் "கட்டக் கூடாது". முதல் அட்டை மூன்று நொடி நிற்கிறது, பின்னால் ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது அட்டை வருவதற்குள் அக்கா படித்து முடித்துவிட்டாள்.

நம் மொழியில் "கூடாது", "வேண்டாம்" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. பேசும்போது கஷ்டமில்லை, கேட்பவர் காத்திருப்பார். வாக்கியத்தை நடுவில் உடைத்தால் மறுப்பு தனியாகப் பிரிந்து போகிறது. படத்துக்கோ மறுக்கவே தெரியாது. கட்டுவதைக் காட்டினால் கட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். முப்பது வருஷம் கரும்பலகையில் தவறான விடையை எழுதி அடித்துக் காட்டியவள் நான். அடித்ததை மறந்து, எழுதியதை மட்டும் பிள்ளைகள் நோட்டில் வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள்.

முதலில் அந்தக் காட்சியின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுப் பார்த்தேன். அது இரண்டாவது நொடியில் துள்ளி வந்து விழுகிறது, அதற்குள் கண் பார்த்துவிடுகிறது. ஆகவே அந்தக் காட்சியையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் வெறும் சிவப்புப் பின்னணியில், முதல் நொடியிலிருந்தே பெரிய எழுத்தில் "வேண்டாம்!" என்று நிற்கிறது. அதன் கீழே "கயிறு கட்ட வேண்டாம்". அடுத்த அட்டையில் "வேண்டாம்! கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம்". எழுத்தைத் தானாக உடைக்க விடாமல் நானே உடைத்தேன். எந்த அட்டையைத் தனியாக எடுத்துப் படித்தாலும் தப்பான அர்த்தம் வரக் கூடாது என்பதுதான் கணக்கு. ஓர் அட்டையில் ஆறேழு சொல்லுக்கு மேல் வைக்கவில்லை. நான் நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் திரையில் நிற்க விட்டேன்.

நகரும் காட்சி எல்லாம் இப்போது செய்ய வேண்டியவற்றுக்கு மட்டும்தான். அதற்கு வாங்கிய படமும் ஒத்துவரவில்லை. பளபளவென்று வெள்ளை அறை, கோட் போட்ட டாக்டர். அக்கா பார்த்தால் "இது நமக்கில்லை" என்பாள். என் பேரனைத் திண்ணையில் படுக்கவைத்து, காலோடு ஒரு மரச்சட்டத்தை வைத்து, அசையாமல் இருக்க மட்டும் துணியால் தளர்வாகச் சுற்றி, கொலுசைக் கழற்றுவதற்குப் பதில் கையிலிருந்த கயிற்றைக் கழற்றி, 108-க்கு போன் செய்வது வரை என் போனிலேயே எடுத்தேன். தளர்வான சுற்றைக் கட்டு என்று நினைத்துவிடக் கூடாதே என்று துணிக்குள் இரண்டு விரல் நுழைவதை அருகில் வைத்துக் காட்டியிருக்கிறேன். கட்டுவிரியன் கடித்தால் சிலருக்கு வலியே பெரிதாக இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது, வயிற்றுவலியும் கண் இமை சரிவதும்தான் தெரியும் என்பதற்கு மட்டும் எந்தப் படமும் சரிப்படவில்லை. அந்த இடத்தில் என் முகத்தையே வைத்து நேராகப் பேசிவிட்டேன்.

எழுத்தைத் தனிக் கோப்பாக வைக்காமல் படத்தோடு சேர்த்தே பதிந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் கை மாறும்போது தனிக் கோப்பு கூடப் போகாது, படம் மட்டும்தான் போகும்.

புதியதை நேற்று அக்காவுக்கு அனுப்பினேன். சத்தம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்றேன். "கட்டக் கூடாதாமே! அப்போ அப்பா செஞ்சது தப்பாடி?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

வீடியோவை நாளைக் காலை இங்கே போடுகிறேன். முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த அட்டையாவது தப்பாகப் புரிந்தால், அது எத்தனையாவது நொடி என்று எழுதுங்கள், திருத்திவிடுகிறேன். டீச்சர் மனசு கஷ்டப்படுமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.