இஸ்திரி வண்டியும் முந்நூறு சொற்களும்

2025 ஜூன் மாதம், ஒரு சாயங்காலம். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவின் மகள் தேய்த்த துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள். கையில் மடித்த இரண்டு தாள்கள்.

"தாத்தா, ஒரு டிரஸ்ட்ல ஸ்காலர்ஷிப்புக்கு எழுதியிருக்கேன். தப்பு இருந்தா திருத்திக் கொடுங்களேன்."

நான் வங்கியில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன். ஓய்வுக்குப் பிறகு, பழைய சகாக்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துக் கொடுக்கிறேன். அது அவளுக்குத் தெரியும். அவள் எழுதியிருந்தது வேறொரு அறக்கட்டளைக்கு. அதனால் உதவுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. இங்கே எழுதுவதற்கு அவளும் அவள் அம்மாவும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார்கள்.

'உங்கள் குடும்பச் சூழ்நிலையும் கல்வி நோக்கமும், முந்நூறு சொற்களுக்கு மிகாமல்' என்பது கேள்வி. அவள் ஆரம்பித்திருந்தது இப்படி:

"வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் ஏழைக் குடும்பத்தில் பிறந்த துர்பாக்கியசாலி நான். என் தந்தை நோய்ப் படுக்கையில் நடைப்பிணமாகக் கிடக்கிறார். என் தாய் இரவும் பகலும் இரத்தக் கண்ணீர் வடிக்கிறாள். பல நாட்கள் உண்ண உணவின்றிப் பட்டினியால் வாடியிருக்கிறோம். தாங்கள் கை கொடுத்தால் மட்டுமே எங்கள் வாழ்வில் விளக்கெரியும்."

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண். மேடையில் கை தட்டல் வாங்கிய அதே தமிழை இங்கேயும் இறக்கியிருந்தாள்.

நான்காவது வரியில் என் கண் நின்றுவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1971-இல் நான் பி.யு.சி. சேர்ந்தபோது உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். அப்பா நெல் மில்லில் கணக்குப்பிள்ளை. மில் மூடி எட்டு மாதமாகியிருந்தது. "நல்லா உருக்கமா எழுதுடா" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கொடுக்க, நானும் கிட்டத்தட்ட இதே பட்டினி வரியை எழுதினேன். மனுவில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "சாப்பாடு இல்லாம எந்த நாள்டா இருந்தே?" என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. என்னிடம் பதில் இல்லை. இரவுச் சாப்பாடு ரசம் சாதமாகச் சுருங்கியிருந்தது, உண்மை. ஆனால் அது ஒரு நாளும் நின்றதில்லை. நிற்காமல் இருக்க அப்பா என்னென்ன செய்தார் என்பதில் ஒரு வரிகூட அந்த மனுவில் கிடையாது. உதவித்தொகை வந்தது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். "பட்டினி கிடந்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல தாத்தா. ரேஷன் அரிசி இருக்கும். சும்மா... அப்படி எழுதினாத்தான் குடுப்பாங்கன்னு."

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, இத்தகைய அறக்கட்டளைகளில் பல நேர்காணல் வைப்பார்கள், வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்ப்பவர்களும் உண்டு. வந்தவர் அரிசிப் பானையைப் பார்த்துவிட்டால், மீதி உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இரண்டாவது, படிப்பவர் கையில் ஒரே மாலையில் நாற்பது ஐம்பது மனுக்கள் இருக்கும். எல்லாவற்றிலும் கோரப்பிடி, எல்லாவற்றிலும் இரத்தக் கண்ணீர். பத்தாவது மனுவுக்கு மேல் யார் வீட்டில் என்ன நடந்தது என்றே நினைவில் நிற்பதில்லை. அவளுடைய தாளில் குடும்பப் பெயரை மாற்றிவிட்டால் தமிழ்நாட்டில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இஸ்திரி என்ற சொல்லே அதில் இல்லை!

தாளைக் கவிழ்த்து வைத்தேன். "எழுத வேண்டாம். உங்க வீட்டுல என்ன நடந்துது, சும்மா சொல்லு" என்றேன். அவள் சொல்லச் சொல்ல நான் பழைய டைரியில் குறித்துக்கொண்டேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது 2023 ஆகஸ்டில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வண்டி பதினொரு நாள் மூடிக் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அம்மா, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டு வேலையையும் விட்டுவிட்டு, வண்டியைத் திறந்தார். அதுவரை அவர் கரிப்பெட்டியைப் பிடித்ததே இல்லை. ஏழு கிலோ இருக்கும் அந்தப் பெட்டி. கரண்ட் பெட்டி மாதிரி சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. ஈரத் துணியில் ஒரு தேய் தேய்த்து, எழும் சத்தத்தை வைத்துத்தான் சூட்டைக் கணிக்க வேண்டும். முதல் வாரமே ஒரு சில்க் காட்டன் சேலை தீய்ந்துவிட்டது. அதன் விலை 900 ரூபாயை அம்மா திருப்பிக் கொடுத்தார்.

மகள் பள்ளிக்கு முன்னும் பின்னும் மாடி மாடியாக ஏறித் துணி வாங்கி வருவாள். எந்த வீடு, எத்தனை உருப்படி, பாக்கி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவாள். அப்பா இருந்தவரை எல்லாம் அவர் மனக்கணக்கு. நோட்டு போட்ட பிறகுதான் மூன்று வீட்டில் மாதக் கணக்கில் பாக்கி நிற்பது தெரிந்ததாம். உருப்படிக்கு 8 ரூபாய் கட்டவில்லை, 10 ஆக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அம்மாவுக்குச் சொன்னதும் இவள்தான். அதனால்தான் பி.காம்.

"இதை ஏம்மா எழுதல?"

"இதெல்லாம் கஷ்டம் இல்லையே தாத்தா. வேலைதானே."

மறுநாள் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. "தந்தையின் உடல்நலக் குறைவால் எங்கள் குடும்பம் சில பொருளாதாரச் சிரமங்களைச் சந்தித்து வருகிறது" என்று அலுவலகக் கடிதம் போல. கௌரவம் என்றால் மறைப்பது என்று நினைத்துவிட்டாள். அதிலும் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு குறைகிறது என்று சொல்லாமல் எவ்வளவு கொடுப்பது என்று அவர்கள் எப்படி முடிவு செய்வார்கள்? தொகையைச் சொல்வதில் தலைகுனிவு எதுவும் இல்லை. கடன் கேட்டு வந்தவர்களில், கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்களிடம்தான் எங்கள் மேனேஜர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்கள்.

ஆகவே கணக்குப் போட்டோம். நாளைக்கு 70 உருப்படி, கரிச் செலவு போக மாதம் சுமார் 14,000 ரூபாய். வாடகை 5,500. அப்பாவின் மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் 2,000. கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு 32,000. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, அதாவது வருஷத்துக்கு 12,000 வரும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, போக்குவரத்துச் செலவு மிச்சம். அம்மா சேர்த்து வைத்திருப்பது 8,000. குறைவது 12,000. இந்தக் கடைசி எண்தான் மனுவின் உயிர்.

அடுத்தது, எதை விடுவது. அப்பாவைக் குளிப்பாட்டுவது, அவர் சில இரவுகளில் அழுவது, கடன் கொடுத்த மாமா வாசலில் நின்று சத்தம் போட்டது, எல்லாம் அவள் சொன்னாள். எல்லாம் உண்மை. "இதுல எதையெல்லாம் அப்பா முன்னாடி சத்தமா வாசிக்க முடியும்?" என்று மட்டும் கேட்டேன். அவளே பென்சிலை வாங்கி மூன்றையும் அடித்தாள். "வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. இடது கையால் துணி மடித்துக் கொடுக்கிறார்" என்பதைச் சேர்த்தாள். அது எனக்குத் தெரியாத செய்தி. நடைப்பிணம் என்று எழுதப்பட்டிருந்தவர், நான் உடுத்தும் வேட்டியை மடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசியாக வந்த வடிவத்தின் தொடக்கம் இது:

"என் தந்தை எங்கள் பகுதியில் பதினெட்டு ஆண்டுகள் இஸ்திரி வண்டி நடத்தினார். 2023 ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பன்னிரண்டாம் நாள் என் தாய் வண்டியைத் திறந்தார். அதற்கு முன் அவர் இஸ்திரி போட்டதில்லை. முதல் வாரம் ஒரு சேலை தீய்ந்தது. அதற்கான 900 ரூபாயை இரண்டு மாதங்களில் திருப்பிக் கொடுத்தார். இப்போது நாளைக்கு 70 உருப்படிகள் தேய்க்கிறார். வண்டியின் கணக்கு நோட்டை நான் எழுதுகிறேன்."

'ஏழை' என்ற சொல் எங்கும் இல்லை. 'கண்ணீர்' இல்லை. எழுவாய் பெரும்பாலும் யாரோ ஒருவர், அவர் ஏதோ ஒன்றைச் செய்கிறார். நான் திருத்தியது நாலைந்து சொல்தான்.

அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். நானும் வண்டியருகே போய் நின்றேன். அவர் பெட்டியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். சேலை வரி வந்ததும் பெட்டியைத் தூக்கித் தாங்கியில் வைத்தார். எனக்குத் திக்கென்றது. தீய்ந்த சேலையை ஊருக்குச் சொல்லிவிட்டோமோ?

"ரெண்டு மாசம் இல்லடி. மூணு மாசம், மாசம் முந்நூறு. அந்தம்மா வேணாம் வேணாம்னாங்க, நான்தான் குடுத்தேன். அதைச் சரியாப் போடு."

மகள் அங்கேயே, தேய்த்த துணி மூட்டையின் மேல் தாளை வைத்து, 'இரண்டு' என்பதை அடித்து 'மூன்று' என்று எழுதினாள்.

ஆகஸ்டில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நோட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். பையில் இருந்ததாம், எடுத்துக் காட்டினாளாம். 10,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதி 2,000 எப்படி என்று நான் ஆரம்பித்தேன்.

"அது நோட்டுல இருக்கு தாத்தா" என்றாள். "அந்த மூணு வீட்டுப் பாக்கி."

அதில் ஒரு வீடு எங்கள் வீடு. 340 ரூபாய். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன்.