முழு நைட்டுக்காரரின் சாப்பாட்டு வேளை

கோவை வட்டாரத்தின் பல நூற்பாலைகளில் காலை எட்டு முதல் மாலை நான்கு வரையிலான வேலையைப் பகல் ஷிப்ட் என்றும், அதன்பின் நள்ளிரவு வரையிலானதை அரை நைட் என்றும், நள்ளிரவிலிருந்து மறுநாள் காலை எட்டு வரையிலானதை முழு நைட் என்றும் தொழிலாளர்கள் சொல்வார்கள். இவற்றுள் உணவு ஒழுங்கைப் பெரிதும் குலைப்பது முழு நைட்டே. அரை நைட் முடிந்து வருபவர் தாமதமாகவேனும் இரவில்தான் உறங்குகிறார். முழு நைட்டுக்காரரோ உடல் உறக்கத்துக்கு ஆயத்தமாகும் வேளையில் வேலை செய்து, அது விழிக்கும் வேளையில் படுக்கிறார்.

மூளையிலும் கல்லீரல், கணையம் முதலிய உறுப்புகளிலும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் ஒழுங்கை உடலின் உள்கடிகாரம் என்பர். இரத்தத்திலுள்ள சர்க்கரையை உயிரணுக்களுக்குள் செலுத்தும் இன்சுலின் இரவில் மந்தமாகச் செயல்படுவதால், பகலில் உண்ட அதே அளவு சோறு நள்ளிரவுக்குப் பின் உண்ணப்படும்போது சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. அமெரிக்காவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், 19 பேர் ஆய்வகத்தில் இரவுப்பணியாளரைப் போல விழித்திருக்க வைக்கப்பட்டபோது, இரவிலும் உண்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வாறு ஏறவில்லை. சிறிய குழுவில் சில நாட்கள் நடந்த ஆய்வை ஆலை வாழ்க்கைக்கு அப்படியே பொருத்த முடியாது. எட்டு மணி நேரம் நடந்தபடி இழை முடிபவரைப் பட்டினி கிடக்கச் சொல்வதும் முறையன்று. இரவில் உண்பது நாளின் மிகச் சிறிய வேளையாக இருக்கட்டும் என்ற அளவில் அந்த ஆய்வை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறிய வேளை போதுமா என்பது அதற்கு முன் உண்டதைப் பொறுத்தது. ஒற்றை அடுப்புள்ள வாடகை அறையில் தனியாக வாழும் ஒருவர் காலை ஒன்பதரைக்குப் படுத்து, மூன்றரைக்கு எழுவதாகக் கொள்வோம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறு, பருப்பு அல்லது முட்டை, ஒரு காய் என்று முழுச் சாப்பாடு உண்பது அவருக்கு மதிய உணவாகிறது. ஒன்பது மணியளவில் இரண்டு சப்பாத்தி அல்லது மூன்று இட்லியும் குழம்பும் இரவு உணவாகின்றன. இந்த இரண்டாவது வேளையைச் சோம்பலால் விட்டுவிட்டு ஆலைக்குப் போவதே வழக்கமான தவறு. பிறகு இரண்டரை மணி இடைவேளையில் கேட்டுக்கு வெளியேயுள்ள கடைப் பரோட்டாவைத் தேடிப் போக நேர்கிறது; அரை மணியில் வேலைக்குத் திரும்பியதும் கண் செருகுகிறது, நெஞ்சு எரிகிறது.

இரண்டரை மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ, வேகவைத்த ஒரு முட்டையும் வாழைப்பழமும் கொண்ட சிற்றுணவோ போதும். சுண்டலுக்குச் சமையல் நேரம் அதிகம் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. 50 கிராம் கடலையைக் காலையில் படுக்கும்போது ஊறவைத்தால், எழும்போது அது ஊறியிருக்கும். அப்போதே நீரை வடித்துக் கழுவி ஈரத்துணியில் கட்டி வைத்து, ஒன்பது மணிச் சமையலுக்கு முன்பாகக் குக்கரில் வேகவிட வேண்டும். மாலையிலேயே வேகவைத்து வெளியில் வைத்தால், வெக்கையான நாட்களில் நள்ளிரவுக்குள் அது கெடத் தொடங்கும். பிசுபிசுப்போ புளிப்பு வாடையோ அதைக் காட்டிவிடும். தேங்காய் சேர்த்தால் இன்னும் விரைவாகக் கெடுமென்பதால், கடுகும் மிளகாயும் தாளித்து நீரின்றி வறட்டி, ஆறிய பின்பே டப்பாவில் அடைக்க வேண்டும்.

தேநீருக்கும் ஓர் எல்லை உண்டு. அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகக்கூடுமாதலால், கடைசித் தேநீர் மூன்று மணியைத் தாண்டினால் காலைத் தூக்கத்தின் தொடக்கத்தை அது கெடுக்கும். மாஸ்டரிடம் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நான்கு டம்ளர் சேரும்போது அதுவே தனியொரு வேளையின் கனம்.

காலை எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் பசி இருக்கும், ஆனால் பூரியும் கிழங்கும் படுக்கையில் புளித்த ஏப்பமாகத் திரும்பும். எதுவும் உண்ணாமல் படுத்தால் பதினொன்றரைக்கே பசி எழுப்பிவிடும். இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழும் மோரும் போன்ற இலேசான உணவோ உண்டு, அரை மணி நேரம் கழித்துப் படுப்பதே நடுவழி. சில நாட்களில் தூக்கம் இரண்டு மணி நேரம் பிசகும். அப்போது கடிகாரத்தைப் பார்க்காமல், எழுந்த நேரத்திலிருந்து முழுச் சாப்பாட்டைக் கணக்கிட்டு, நள்ளிரவுச் சிற்றுணவை மட்டும் அதே இடத்தில் வைத்திருக்கலாம்.

இத்திட்டம் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு அப்படியே பொருந்தாது. இரவில் உணவைச் சுருக்கினால் அவருக்கு நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரலாம். ஷிப்ட் மாறும் வாரத்தில் மருந்து வேளையும் மாற வேண்டுமா என்பதை அவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிந்த பிறகே டப்பாவின் அளவைக் குறைக்க வேண்டும்.