ஒரு தொடைவலியை எடைபோட்ட கதை

கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் எனக்கு இரண்டு தொடைகளும் வலிக்க ஆரம்பித்தன. படியேறும்போது கனத்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இடது தோளும் வலித்தது, கையை மேலே தூக்கித் தலை பின்ன முடியவில்லை. மாத்திரைதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகள் ஆகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிறார்களே, அந்த எல்.டி.எல் 162 இருந்தது. சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் மாரடைப்பைத் தடுக்க அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. தினமும் இரவில் எடுக்கச் சொன்னார் டாக்டர். விழுப்புரத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் அவர். இன்றும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்ற ஆசை முதல் நாளிலிருந்தே உள்ளுக்குள் இருந்தது. சர்க்கரைக்கு ஏற்கனவே இரண்டு வகை மாத்திரை. இன்னொன்றா என்ற அலுப்பு. போதாததற்கு, மாத்திரை வாங்கி வந்த அன்றே என் நாத்தனார், “அண்ணி, இது சதையைக் கரைச்சிடும்னு சொல்றாங்க, பார்த்துக்குங்க” என்றாள். முதல் மாத்திரையை விழுங்கும்போது அந்தச் சொல்லும் கூடவே இறங்கியது. பிறகு டாக்டர் வலியை எடைபோட்டபோது, இந்த இரண்டையும் தட்டில் வைக்க வேண்டியிருந்தது.

வலியைச் சொன்னதும் அவர் மாத்திரையை நிறுத்தவும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் சொல்லவில்லை. முதலில் எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டச் சொன்னார். ஸ்டாடின் வகை மருந்தால் வரும் வலி பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள பெரிய தசைகளில், இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். தொடை, இடுப்பு, சில நேரம் கெண்டைக்கால். என் தொடைவலி அந்த வர்ணனைக்குப் பொருந்தியது. தோள்வலி பொருந்தவில்லை. அது ஒரு பக்கம் மட்டும், அதுவும் மூட்டில். கையை அவரே தூக்கிப் பார்த்தபோதும் பாதியில் நின்றுவிட்டது. “டீச்சர், இது ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வர்றதுதான். இதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். ஒரே வலி என்று நான் நினைத்திருந்தது அங்கேயே இரண்டாகப் பிரிந்தது.

அடுத்து, எப்போது தொடங்கியது என்று கேட்டார். இதை எடைபோட மருத்துவர்களிடம் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. மொத்தம் பதினொன்று. இரு தொடைகளும் வலித்தால் மூன்று. மாத்திரை தொடங்கி நான்கு வாரத்துக்குள் வந்தால் மூன்று. நிறுத்தி இரண்டு வாரத்துக்குள் குறைந்தால் இரண்டு. மறுபடி தொடங்கி நான்கு வாரத்துக்குள் திரும்பினால் மூன்று. ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் மருந்துதான் காரணமாக இருக்கக்கூடும், ஏழோ எட்டோ வந்தால் இருக்கலாம், அதற்கும் கீழே போனால் பெரும்பாலும் இல்லை. எனக்கு அப்போதே ஆறு. பாக்கி ஐந்தும், நிறுத்திப் பார்த்து, மறுபடி தொடங்கிப் பார்த்த பிறகே கிடைக்கும்.

அதற்கு முன் ரத்தம் எடுத்தார்கள். தசை சிதைந்தால் அதிலிருந்து ரத்தத்துக்குள் கசியும் சி.பி.கே என்ற நொதியின் அளவைப் பார்க்க. அந்த ஆய்வகத்தில் பெண்களுக்கு 170 வரை சரியான அளவு. எனக்கு 412. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நாத்தனார் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் கேட்டது வேறு: “இந்த வாரம் உடம்புக்கு வேலை கொடுத்தீங்களா?” பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் கிரிவலம் சுற்றிவிட்டு வந்திருந்தேன். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால். ரத்தம் கொடுத்தது அதற்கு இரண்டாம் நாள். பழக்கமில்லாத நீண்ட நடைக்கே சி.பி.கே ஏறும், இறங்கச் சில நாட்கள் ஆகும். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். 118.

தைராய்டும் பார்த்தார். தைராய்டு மந்தமானால் தசை வலிக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும், ஸ்டாடினால் தசைக்கு வரும் தொந்தரவும் கூடும். ஒரே கோளாறு நோயாகவும் பக்கவிளைவாகவும் வேடமிட்டு வரும் இடம் அது. எனக்கு அது சரியாக இருந்தது.

சி.பி.கே சரியாக இருந்தால் மருந்தின் மேல் பழி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஸ்டாடினால் நிஜமாகவே வலி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு சி.பி.கே ஏறுவதில்லை. அந்தச் சோதனை ஆபத்தை ஒதுக்குவதற்காக. சி.பி.கே சரியான அளவைப் போல் பத்து மடங்கைத் தாண்டினாலோ, வலியோடு தசை வலுவிழந்து நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனாலோ, சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ எடைபோட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிக அபூர்வமாக, மாத்திரையை நிறுத்திய பிறகும் உடம்பின் எதிர்ப்புசக்தியே தசையைத் தாக்கிக்கொண்டிருக்கும் ஒரு வகையும் உண்டு. அதற்கு வைத்தியமே வேறு.

எனக்கு அந்த அறிகுறிகள் இல்லை என்பதால் மாத்திரையை நிறுத்திப் பார்த்தோம். எனக்கு மாரடைப்பு வந்ததில்லை, ஸ்டென்ட்டும் வைக்கவில்லை. அதனால் சில வாரம் நிறுத்துவதில் பெரிய ஆபத்து இல்லை என்றார். அவை இருப்பவர்கள் தாங்களாக இப்படி நிறுத்தக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். பத்து நாளில் தொடைவலி நன்றாகவே குறைந்தது. மதிப்பெண் எட்டு. மறுபடி தொடங்கினேன். இரண்டாம் நாளே வலி வந்துவிட்டது. பதினொன்றுக்குப் பதினொன்று!

நான் எதிர்பார்த்தபடி அவர் தலையாட்டவில்லை. “ரெண்டே நாள்ல வந்ததுதான் எனக்கு இடிக்குது” என்றார். முதல் தடவை வலி வர மூன்றாவது வாரம் வரை ஆயிற்று, இப்போது எப்படி இவ்வளவு சீக்கிரம்? அந்தப் பட்டியலில் இருக்கும் பெரிய ஓட்டை எது என்பதையும் அப்போது சொன்னார். மாத்திரையை நிறுத்தியதும் தொடங்கியதும் எனக்குத் தெரியும். வலிக்கும் என்று காத்திருக்கும் உடம்பு ஒவ்வொரு இழுப்பையும் கவனிக்கும். இது கற்பனை வலி இல்லை. நரம்பு உணர்வதும் மூளை உணர்வதும் நிஜம். ஆனால் அதை உண்டாக்கியது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தா, மாத்திரை எடுக்கிறோம் என்ற அறிவா என்பது பட்டியலுக்குத் தெரியாது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினைக் கைவிட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு குப்பி கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாடின், நான்கில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு காலி. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலிக் குப்பி மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4. மருந்து நிஜமாகச் சேர்த்தது அந்தச் சிறு வித்தியாசத்தை மட்டும்.

“அப்போ எல்லாருக்கும் மனசுதானா தம்பி?” என்று கேட்டேன். இல்லை என்றார். ஏறத்தாழ 1,24,000 பேரை வைத்து நடந்த சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2022இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் மருந்து எடுத்தவர்களில் 14.8 சதவீதம் பேருக்கும் போலி எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கும் தசைவலியோ பலவீனமோ இருந்தது. அதாவது மருந்து எடுத்து வலி என்று வந்தவர்களில் பதினைந்து பேருக்கு ஒருவர் போலத்தான் மருந்தால் வலி. அந்த ஒருவர் நிஜம். “நீங்க அந்த ஒருத்தரா, மத்த பதினாலு பேர்ல ஒருத்தரான்னு இந்தப் புள்ளிவிவரம் சொல்லாது. உங்களை வச்சே சோதிச்சாத்தான் தெரியும்.”

சோதித்தோம். என் தம்பி மகள் பி.ஃபார்ம் படித்தவள். அவள் வெற்று கேப்சூல் வாங்கி, சிலவற்றில் என் மாத்திரையைப் போட்டு மீதி இடத்தை லாக்டோஸ் பொடியால் நிரப்பினாள். சிலவற்றில் பொடி மட்டும். குலுக்கினாலும் வித்தியாசம் தெரியாது. மாதத்துக்கு ஒன்றாக நான்கு குப்பி, வரிசை அவளுக்கு மட்டுமே தெரியும். டாக்டருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் முகத்திலிருந்தே நான் ஊகித்துவிடுவேன். நடுவில் கொலஸ்ட்ரால் பரிசோதனையும் கூடாது, அந்த எண்ணே ரகசியத்தைச் சொல்லிவிடும். தினமும் படுக்கப்போகும் முன் தொடைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். முந்தைய மாதத்தின் எச்சம் கலக்காமலிருக்க ஒவ்வொரு மாதத்திலும் முதல் பத்து நாள் எண்களை விட்டுவிட்டோம். மாதக் கடைசியில், இது மருந்தா போலியா என்று என் ஊகத்தையும் எழுதி வைத்தேன்.

சராசரி முதல் மாதம் 4, இரண்டாவது 5, மூன்றாவது 3, நான்காவது 3. இரண்டாவது குப்பிதான் மருந்து என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அந்த மாதம் படியேறவே பயந்தேன். வரிசையை அவள் எழுதி வைத்திருந்த உறையைப் பிரித்தபோது மருந்து இருந்தது முதலாவதிலும் மூன்றாவதிலும். மருந்து மாதங்களின் சராசரி மூன்றரை, வெறும் பொடிக்கு நான்கு.

கணக்கு வாத்தியார் என்பதால் இதன் எல்லையும் எனக்குத் தெரியும். ஒரு ஆள், நான்கு மாதம். அரை மதிப்பெண் அளவுக்கு மருந்து வலியைக் கூட்டியிருந்தால் அது இந்த எண்களில் பிடிபடாது. ஆனால் நிறுத்தியபோது குறைந்து, தொடங்கியபோது திரும்பிய அந்தப் பெரிய வலிக்கு மருந்து காரணம் என்றால், அது இந்த எண்களில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மருந்து மாதங்களில் வலி கூடியிருந்தால் டாக்டரிடம் அடுத்த வழி இருந்தது. குறைந்த அளவு ரோசுவாஸ்டாடின், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்கும் வலித்தால், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெட்டிமைப்.

இப்போது பழைய அளவையே எடுக்கிறேன். எல்.டி.எல் 84. தொடை சில நாட்கள் வலிக்கிறது, பல நாட்கள் இல்லை. தோளுக்குத் தினமும் சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சி செய்கிறேன், தலை பின்ன முடிகிறது. போன மாதம் சளி நெஞ்சில் கட்டி, வேறொரு இடத்தில் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார்கள். அது அட்டோர்வாஸ்டாடினை உடம்பு வெளியேற்றுவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும் என்று டாக்டர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். போன் செய்தேன். ஆன்டிபயாடிக் முடியும்வரை கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொன்னார், பிறகு தொடங்கினேன்.